2027-ல் ஓய்வு பெறும் சிபிஎஸ் ஆசிரியைக்குக் கையில் என்ன வரும்?

மானூர் டீச்சர் · 8 ஜூன் 2025, காலை 10.20

எல்லாருக்கும் வணக்கம். நான் மானூர் பக்கம் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. 2004-ல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தேன், மாதம் 4,000 ரூபாய். 1.6.2006-ல்தான் காலமுறை ஊதியத்துக்கு மாற்றினார்கள். 2027 மே 31 அன்று ஓய்வு.

என் பக்கத்து வீட்டு அக்காவும் டீச்சர்தான். 1998-ல் சேர்ந்தவர், போன வருஷம் ஓய்வு பெற்றார். அவருக்கு ஒன்றாம் தேதி வந்தால் பென்ஷன். எனக்கு சிபிஎஸ் என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். கணக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், சுமார் 35 லட்சம் காட்டுகிறது. வீட்டில் எல்லாரும், "மொத்தமாகக் கோடியில் பாதி வாங்கப் போகிறாய், உனக்கென்ன கவலை?" என்கிறார்கள். அக்காவோ என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார். இரண்டில் எது உண்மை? யாராவது என் கணக்கையே வைத்துப் போட்டுக் காட்டுவீர்களா?

நெல்லை சிவா · காலை 10.48

டீச்சர், சிபிஎஸ் பணமெல்லாம் ஷேர் மார்க்கெட்டில்தான் போகிறது. ஓய்வு பெறும் அன்று மார்க்கெட் விழுந்திருந்தால் உங்கள் 35 லட்சம் 25 ஆகிவிடும். அதோடு மொத்தத்தையும் தரமாட்டார்கள். 60 சதவீதம் கையில், மீதி 40 சதவீதத்துக்கு ஆண்டுத்தொகை வாங்கித்தான் ஆகவேண்டும். அதில் மாதம் ஏதோ ஐந்தாயிரம், ஆறாயிரம் வரும்.

கருவூலத்தில் இருந்தவன் · காலை 11.35

சிவா சொல்வது மத்திய அரசு ஊழியருக்கு. தமிழ்நாட்டு ஆசிரியருக்கு அது பொருந்தாது. நம் ஆட்கள் பாதிப்பேர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 1.4.2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று அரசாணை 259 வந்தது. அது வெளியானது 6.8.2003-ல். அதாவது ஏப்ரலில் சேர்ந்தவருக்கு, தான் எந்தத் திட்டத்தில் சேர்ந்தோம் என்று நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும். மத்திய அரசின் திட்டம் 1.1.2004-ல் தொடங்கியது. அதில் நம் மாநிலம் சேரவே இல்லை. அதனால் நம் ஆசிரியருக்குப் பங்குச்சந்தையும் இல்லை, 40 சதவீதக் கட்டாயமும் இல்லை. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள், அரசும் அதே அளவு வைக்கிறது. வட்டி வருங்கால வைப்பு நிதிக்கு உள்ளதுதான், 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். ஓய்வின்போது மொத்தத்தையும் ஒரே தடவையாகக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் டீச்சர், பெயரில் 'ஓய்வூதியம்' என்று இருக்கிறதே தவிர, அதற்குப் பிறகு மாதாமாதம் எதுவும் வராது. கணக்கு மாலை போட்டுத் தருகிறேன். இப்போது ஒரு சடங்கு வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.

வள்ளியூர் ராமையா · பகல் 12.10

நல்ல இழை. என் மகன் மகேந்திரகிரியில் இஸ்ரோவில் இருக்கிறான். 2012-ல் சேர்ந்தவன். யுபிஎஸ்-க்கு மாற ஜூன் 30 கடைசி நாள் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். மாறலாமா கூடாதா? டீச்சரும் மாறுவதாக இருந்தால் சேர்ந்தே விசாரிக்கலாமே.

கருவூலத்தில் இருந்தவன் · மாலை 5.05

அண்ணாச்சி, அந்தத் தேதி உங்கள் மகனுக்கு மட்டும்தான். யுபிஎஸ் மத்திய அரசு ஊழியருக்கு 1.4.2025 முதல் வந்தது. 25 வருஷ சேவை இருந்தால் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி பென்ஷன். டீச்சர் மாற அதில் வழியில்லை. உங்கள் மகனுக்கு வயதும் மீதிச் சேவையும் தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது. தனி இழை போடுங்கள்.

இப்போது டீச்சர் கணக்கு. 2027-ல் உங்கள் அடிப்படை ஊதியம் சுமார் 70,000 இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அகவிலைப்படி ஏறும், ஆனால் இன்றைய 55 சதவீதத்தையே வைத்துப் போடுகிறேன். இரண்டும் சேர்த்து 1,08,500.

சிபிஎஸ்-ல்: இன்று 35 லட்சம் என்றால், இரண்டு வருஷ வட்டியும் மாதப் பிடித்தமும் சேர்ந்து 2027-ல் 45 லட்சத்தை ஒட்டி வரும். அதோடு கணக்கு முடிந்தது. பணிக்கொடை இல்லை.

பழைய திட்டத்தில் இருந்திருந்தால்: நிறையப் பேர் 'கடைசிச் சம்பளத்தில் பாதி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அந்தப் பாதி 30 வருஷ சேவைக்கு. உங்களுக்கு 1.6.2006 முதல் 31.5.2027 வரை சரியாக 21 வருஷம். எனவே 35,000-ல் முப்பதுக்கு இருபத்தொன்று, அதாவது 24,500. அதற்கு அகவிலைப்படி 13,475. மாதம் 37,975. இதுபோகப் பணிக்கொடை: ஒவ்வோர் அரையாண்டுக்கும் சம்பளத்தில் கால் பங்கு, 42 அரையாண்டுக்குப் பத்தரைச் சம்பளம். 11,39,250 ரூபாய்.

உங்கள் அக்காவுக்கும் 26 வருஷம்தான் வரும். அவருக்கும் முழுப் பாதி கிடைத்திருக்காது. கேட்டுப் பாருங்கள்.

டவுன் கடைக்காரன் · மாலை 6.40

ஐயா கணக்கு சரி. ஆனால் 45 லட்சத்தைக் கையில் வாங்குபவரை ஏழை மாதிரி பேசுகிறீர்களே! போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் 8.2 சதவீதம். மாதத்துக்குப் பிரித்தால் 20,500. மீதி 15 லட்சத்தை பேங்கில் போட்டால் இன்னும் எட்டாயிரமோ ஒன்பதாயிரமோ. ஏறக்குறைய முப்பதாயிரம் ஆச்சு. முதலும் பிள்ளைகளுக்கு அப்படியே இருக்கும். பென்ஷன்காரர் செத்தால் முதல் எங்கே? நான் நாற்பது வருஷமாக ரதவீதியில் கடை வைத்திருக்கிறேன். எனக்கு யார் பென்ஷன் தருகிறார்கள்? வரி மட்டும் கட்டுகிறேன்.

கருவூலத்தில் இருந்தவன் · இரவு 8.15

அண்ணாச்சி, முதல் மிஞ்சும் என்பது நியாயமான பேச்சு. அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் தராசு சாய்கிறது.

ஒன்று, அந்த 45 லட்சத்தில் பாதி டீச்சரின் சொந்தப் பணம். பழைய திட்டத்து ஆசிரியரும் மாதாமாதம் வைப்பு நிதிக்குக் கட்டுகிறார், குறைந்தது 12 சதவீதம். வட்டியும் அதே வட்டி. ஓய்வின்போது அதையும் வாங்கிக்கொண்டுதான் பென்ஷனும் வாங்குகிறார். அப்படியென்றால் இரண்டு பக்கமும் சொந்தக் காசை ஒதுக்கி வைத்துவிட்டு, அரசு தந்ததை மட்டும் நிறுக்க வேண்டும். டீச்சருக்கு அரசு தந்தது இருபத்திரண்டரை லட்சம். அதன் வட்டி 7.1-ல் மாதம் 13,300 சொச்சம். அந்தப் பக்கம் மாதம் 37,975, கூடவே பதினொரு லட்சத்து சொச்சம் பணிக்கொடை. எல்லாரும் மொத்தத் தொகையைப் பார்த்து மலைத்துப்போவது இதைப் பிரித்துப் பார்க்காததால்தான்.

இரண்டாவது, உங்கள் 20,500 பத்து வருஷம் கழித்தும் 20,500தான், அதுவும் வட்டி குறையாமல் இருந்தால். 2017 அக்டோபரில் 20,000 அடிப்படை பென்ஷன் வாங்கியவருக்கு அன்று 5 சதவீத அகவிலைப்படியோடு 21,000. அவருக்கே இன்று 31,000. கையெழுத்துப் போட்டுக் கேட்கவில்லை, தானாக ஏறியது.

டவுன் கடைக்காரன் · இரவு 8.31

அந்த 'தானாக' என்பது எங்கள் கல்லாவிலிருந்துதான் வே வருகிறது. சரி, சொந்தப் பணம் பாதி என்பது எனக்கு முன்னால் தோன்றவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ராதாபுரம் இடைநிலை · இரவு 9.02

நான் 2014-ல் டெட் எழுதி வந்தவன். இடைநிலை ஆசிரியர். எனக்கு வயது 38. நான் 2047-ல் ஓய்வு பெறும்போது 33 வருஷ சேவை இருக்கும். அப்போது பழைய திட்டமாக இருந்தால் முழுப் பாதி. அதனால் இழப்பு உங்களைவிட எங்களுக்குத்தான் பெரிது. போராட்டத்துக்குக் கூப்பிட்டால் மட்டும், 'சின்னப் பையன்கள், உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது' என்று பின்வரிசையில் உட்காரவைக்கிறார்கள்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் மகள் கல்யாணத்துக்கு வைப்பு நிதியில் பணம் எடுத்தார். நான் அம்மாவின் ஆபரேஷனுக்கு என் சிபிஎஸ் பணத்தைத் தொட முடியவில்லை. கணக்கில் லட்சக்கணக்கில் கிடக்கிறது, முன்பணமும் கிடையாது, பகுதி எடுப்பும் கிடையாது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வாங்கி இன்னும் பிடித்தம் ஓடுகிறது. 7.1 வட்டிக்கு என் பணம் அரசிடம், அதைவிடக் கூடுதல் வட்டிக்கு நான் கடன்காரன்!

பாளை உதவிபெறும் · 9 ஜூன், காலை 7.50

ஓய்வு பெறுகிற வரைக்கும் உயிரோடு இருப்போம் என்று வைத்தே எல்லாரும் கணக்குப் போடுகிறீர்கள். நான் ஓர் உதவிபெறும் பள்ளியில் எழுத்தர். என் தங்கை வீட்டுக்காரர் ஆசிரியர், 2010-ல் வந்தவர். 2019-ல் தாமிரபரணிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பைக் விபத்தில் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டு, மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது.

பழைய திட்டமாக இருந்தால் தங்கைக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்திருக்கும். முதல் ஏழு வருஷம் கடைசி ஊதியத்தில் பாதி, அப்புறம் 30 சதவீதம், அகவிலைப்படியோடு. சிபிஎஸ்-ல் கணக்கில் சேர்ந்திருந்த தொகையும் குடும்பப் பாதுகாப்பு நிதி மூன்று லட்சமும்தான். ஒன்பது வருஷ சேவையில் கணக்கில் என்ன பெரிதாகச் சேர்ந்திருக்கும்? இத்தனைக்கும் மத்திய அரசு ஊழியர் பணியில் இறந்தால், அவர் புதிய திட்டத்தில் இருந்தாலும் குடும்பத்துக்குப் பழைய முறையில் பென்ஷன் உண்டு. பணிக்கொடையும் உண்டு. நமக்கு அந்த இரண்டும் இல்லை.

அந்தக் கணக்குத் தொகை வரவே பதினான்கு மாதம் ஆனது. இடையில் ஏழு மாதப் பிடித்தம் கணக்கில் ஏறவில்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலுவலகத்தில் கேட்டால் கருவூலத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் சென்னையைக் காட்டினார்கள். நான் எழுத்தர் என்பதால் எந்தப் பதிவேட்டைக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. தங்கை தனியாக அலைந்திருந்தால் இன்னும் அலைந்துகொண்டுதான் இருப்பாள்.

மானூர் டீச்சர் · காலை 8.25

தம்பி, படித்ததும் மனசு என்னவோ செய்துவிட்டது. தங்கச்சி இப்போது எப்படி இருக்கிறார்?

அக்காவிடம் கேட்டேன். ஐயா சொன்னது சரிதான், அவருக்கும் முழுப் பாதி இல்லை. மூன்றில் ஒரு பங்கு பென்ஷனைத் தொகுத்து முன்கூட்டியே வாங்கியிருக்கிறார், அது போக மீதிதான் இப்போது வருகிறதாம். அப்படியும் என்னைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு ஒரு சந்தேகம். 2004 முதல் 2006 வரை தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த இரண்டு வருஷமும் போனதுதானா? அப்போது 10 சதவீதம் பிடிக்கவே இல்லை.

நெல்லை சிவா · காலை 9.10

அதற்கு வழி இருக்கிறது டீச்சர். 2003 டிசம்பர் 22-க்கு முன்னால் விளம்பரம் வந்த பணியிடமாக இருந்தால், சேர்ந்தது பிறகு என்றாலும் பழைய பென்ஷனுக்கு மாறலாம் என்று 2023-ல் ஆணை போட்டார்கள். என் மாமா அஞ்சல் துறையில் அப்படித்தான் மாறினார்.

கருவூலத்தில் இருந்தவன் · காலை 9.55

சிவா, மறுபடியும் மத்திய அரசு ஆணை. உங்கள் மாமாவுக்குச் சரி. டீச்சருக்கு அது செல்லாது. இவருடைய பணியிட அறிவிப்பும் 2003-க்குப் பிந்தியதாகத்தான் இருக்கும்.

தொகுப்பூதியக் காலத்தைப் பற்றி: சிபிஎஸ்-ல் பிடித்தம் இல்லாத காலத்துக்குக் கணக்கும் இல்லை. நாளை பழைய திட்டமோ அதைப்போன்ற ஒன்றோ வந்தால் அந்த இரண்டு வருஷத்தைச் சேவையில் சேர்ப்பார்களா என்பதுதான் உண்மையான கேள்வி. சேர்த்தால் உங்களுக்கு 23 வருஷம், 24,500 என்பது 26,833 ஆகும். சங்கங்கள் கேட்கின்றன. வழக்குகளும் உண்டு.

ராதாபுரம் இடைநிலை · காலை 10.30

வந்தால்தானே! 2016-ல் ஒரு குழு போட்டார்கள், 2018-ல் அறிக்கை கொடுத்தது. 2021 தேர்தலில் பழைய திட்டம் தருவோம் என்று வாக்குறுதி. இந்த ஜனவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் இன்னொரு குழு, ஒன்பது மாதம் அவகாசம். பழையது, சிபிஎஸ், யுபிஎஸ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். ராஜஸ்தானும் இமாச்சலும் பழையதற்குத் திரும்பியாச்சு. நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

கருவூலத்தில் இருந்தவன் · பகல் 11.20

குழு என்ன சொல்லும் என்று எனக்கு ஜோசியம் தெரியாது. டீச்சர் கையில் இருக்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன். பாளைத் தம்பி சொன்ன 'ஏறாத மாதம்' இருக்கிறதே, அதை இப்போதே பாருங்கள்.

cps.tn.gov.in தளத்தில் சிபிஎஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் வருஷவாரியாகக் கணக்குச் சீட்டு வரும். பெரும்பாலும் எல்லாரும் கடைசிப் பக்கத்து மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் 2006-லிருந்து ஒவ்வொரு வருஷத்தையும் திறந்து பன்னிரண்டு மாதமும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். உங்கள் பங்கு ஏறாத மாதத்தில் அரசின் பங்கும் ஏறியிருக்காது, இரண்டுக்கும் வட்டியும் இருக்காது. பிடித்தம் விட்டுப்போவது எங்கே என்றால், ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறுதலாகிப் போன மாதங்கள், நிலுவைச் சம்பளம் தனிப் பட்டியலில் வாங்கியது, சிபிஎஸ் எண்ணில் ஓர் இலக்கம் மாறி எழுதியது. இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

விடுபட்ட மாதம் கிடைத்தால் அந்த மாதச் சம்பளப் பட்டியலின் செலவுச்சீட்டு எண், பணமான தேதி, உங்கள் பெயரும் பிடித்தமும் உள்ள அட்டவணைப் பக்கம், இவை வேண்டும். சம்பளம் போட்ட வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பட்டியல் நகல் இருக்கவேண்டும், செலவுச்சீட்டு எண் கருவூலத்தில் கிடைக்கும். அலுவலகம் வழியாகத்தான் சென்னைக்கு அனுப்பவேண்டும். நேரே அனுப்பினால் திரும்பி வரும். 2010-க்கு முந்தைய பட்டியல் என்றால் இப்போதே தேடுங்கள். பழைய கட்டுகளைக் கரையான் தின்றுவிட்டால் நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

மானூர் டீச்சர் · 14 ஜூன், இரவு 9.40

ஐயா, நீங்கள் சொன்னபடி உட்கார்ந்து பார்த்தேன். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமாக. 2008-09 சீட்டில் ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதமும் வெறும் சைபர். அந்த ஜூனில்தான் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மானூருக்கு மாறுதல் வாங்கி வந்தேன். மாதம் 1,250 வாக்கில் பிடித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அப்போது அந்தக் காசில் ஒரு சிலிண்டரும் மாதப் பால் கணக்கும் முடியும்.

பழைய ஒன்றியத்து அலுவலகத்துக்கு வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுப் போனேன். கட்டுகள் பின் அறையில் இருக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் பட்டியல் நகல் கிடைத்தது. புது ஒன்றியம் கேட்டுக் கேட்டும் இங்கிருந்து கடைசி ஊதியச் சான்று போகாததால் பழைய இடத்திலேயே சம்பளம் போட்டிருக்கிறார்கள், அட்டவணையில் என் எண்ணில் 7 இருக்கவேண்டிய இடத்தில் 1. ஜூன், ஜூலை கட்டு மட்டும் காணோம். அங்கிருந்த தம்பி, "அடுத்த வாரம் வாங்க டீச்சர், பரண்மேல் ஒரு மூட்டை இருக்கு" என்றார்.

கருவூலத்தில் இருந்தவன் · இரவு 10.05

ஐந்து மாதத்துக்கு உங்கள் பங்கு 6,250, அரசுப் பங்கும் அவ்வளவு, ஆக 12,500. 2027 வரை வட்டியோடு ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். கிடைத்த மூன்று மாதத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள், மற்ற இரண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த '1' எண்ணுக்குச் சொந்தக்காரர் யாரோ ஒருவர் கணக்கில் உங்கள் பணம் கிடக்கலாம், அதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். பணிப்பதிவேட்டில் மாறுதல் பதிவு சரியாக இருக்கிறதா?

மானூர் டீச்சர் · இரவு 10.12

மாறுதல் பதிவு இருக்கிறது ஐயா. சேர்ந்த தேதியில் மட்டும் கையெழுத்து இல்லை. திங்கட்கிழமை அதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

வள்ளியூர் ராமையா · இரவு 10.30

தனி இழை போட்டேன், யாரும் பதில் போடவில்லையே. ஜூன் 30-க்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது.